ஏற்றத்தில் ஒரு நொடி

மேம்பாலத்தின் ஏற்றத்தில் சிக்னலுக்காக வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, பிரேக் விளக்கு எரியாமலேயே அசையாமல் நிற்கும் கார் ஒன்று கண்ணில் படும். ஓட்டுநர் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி, இன்ஜினின் இழுப்பும் சரிவின் இழுப்பும் சமமாகும் இடத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவரைக் கில்லாடி என்பார்கள். கால் அவருக்குச் சொன்னபடி கேட்கிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மேட்டில் வண்டி எடுக்கும் கலையில் இது இரண்டாம் தரம் என்பதே என் கட்சி. அந்தச் சமநிலையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதில் ஒரு நொடிக்கு மேல் தங்காமல் கடந்து போவதில்தான் நேர்த்தி இருக்கிறது.

இதைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள சிறிய பெட்ரோல் கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய நூறு கிலோ எடைக்குச் சமம். முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற இன்ஜின் பதினான்கு முறைக்கு மேல் சுற்றுகிறது. எனவே அந்த விசையைத் தாங்க இன்ஜின் தரவேண்டிய முறுக்குவிசை 20 நியூட்டன் மீட்டர் அளவுதான். அந்த இன்ஜின் உச்சத்தில் 110 வரை தரக்கூடியது. ஆக, ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மேட்டைக் கண்டதும் ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினை அலறவிடுபவர் இல்லாத ஒரு பிரச்சினையைத் தீர்க்கிறார். வண்டி பின்னால் உருளுவது பலக்குறைவால் அல்ல. பிரேக் விட்ட கணத்துக்கும் கிளட்ச் பிடித்த கணத்துக்கும் நடுவே விழும் இடைவெளியால்தான் உருளுகிறது.

இப்போது அரை கிளட்சில் நிற்பவரின் கணக்கைப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, சக்கரம் சுற்றவே இல்லை. அந்த வேறுபாடு முழுவதும் கிளட்ச் பிளேட்டின் உராய்வில் வெப்பமாகிறது. ஏறத்தாழ மூன்று கிலோவாட். ஒரு கீசரைச் சுடச்சுட ஓடவிட்டு, அதன் சூட்டைத் தண்ணீருக்குப் பதில் ஒரு தட்டில் இறக்குவது போல. சுத்தமாக ஒருமுறை மேடேறிப் புறப்படும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வரை அந்தத் தட்டு வாங்கும் வெப்பம், இப்படி மூன்று நொடி நிற்கையில் வாங்குவதை ஒத்தது. ஒரு நிமிட சிக்னலை அரை கிளட்சில் கழித்தவர், இருபது முறை வண்டி எடுத்த தேய்மானத்தை ஒரே இடத்தில் நின்றபடி செய்து முடித்திருக்கிறார். கருகிய வாடை வந்தால் தாமதமாகவேனும் புரியும். வாடை வராமலே தேய்ந்துபோன கிளட்சை வேறு விதமாக அறியலாம்: நான்காவது கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சுற்று முள் எகிறும், வேகம் கூடாது.

ஆகவே நிறுத்தும் வேலையை பிரேக்குக்கும் இழுக்கும் வேலையை கிளட்சுக்கும் கொடுத்து, கைமாற்றும் அந்த ஒரு கணத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைப்பதே ரசிக்கத்தக்க முறை. கால் பிரேக்கில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கிளட்சை முழுதாக மிதித்து முதல் கியர் போட்டு, வலது காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றி, சுற்று 1500-ஐ ஒட்டிச் சீராக நிற்கும்படி செய்யவேண்டும். பிறகு கிளட்சை மெதுவாக மேலே விடவேண்டும். பிடிக்கும் இடம் வந்ததும் வண்டியே சொல்லும். இன்ஜின் ஒலி ஒரு படி கனத்து இறங்கும், முள் சற்றுச் சரியும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியானால், பின்சக்கரங்களை ஹேண்ட் பிரேக் பிடித்திருக்க, முன்பக்கம் லேசாக நிமிரும். அந்த இடத்தில் இடது காலைச் சிலையாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கவேண்டும். நல்ல கைக்கு வண்டி பின்னாலும் போகாது, முன்னாலும் துள்ளாது. பிறகுதான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, கிளட்சின் மீதியை விடுவது. அவசரப்பட்டு மீதியை முதலிலேயே விட்டால் வண்டி ஆஃப் ஆகும். அப்போது மறுபடி ஸ்டார்ட் செய்யத் துடிக்காமல் பிரேக்கைத்தான் முதலில் மிதிக்கவேண்டும். ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தும் வண்டி நழுவினால், குறை ஓட்டுநரிடம் இல்லை, கேபிள் தளர்ந்திருக்கிறது.

ஹேண்ட் பிரேக் கற்றுக்குட்டிகளுக்கானது, தேர்ந்தவருக்குக் கால் பிரேக்கே போதும் என்ற மறுப்பு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே, ஓட்டுநர் தேர்வில் செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துக் காட்டவேண்டும் என்று சொல்லும்போது, ஹேண்ட் பிரேக்கையும் ஏற்கின்றன, ஆக்சிலேட்டரும் கால் பிரேக்கும் கொண்டு செய்வதையும் ஏற்கின்றன. கால் பிரேக் அழுத்தியபடியே கிளட்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு வலது காலைத் தாவவிடுவது அழகான முறை. ஐட்லிங்கிலேயே தாராளமாக இழுக்கும் டீசல் வண்டியில் அது வெண்ணெய்போல் நடக்கும். ஆனால் அந்தத் தாவலின்போது இன்ஜின் ஐட்லிங் பலத்தில்தான் வண்டியைத் தாங்குகிறது. அதே சிறிய பெட்ரோல் காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, மொத்தம் 1400 கிலோவாகி, ஏற்றமும் ஒன்றரை மடங்கானால், தேவைப்படும் முறுக்குவிசை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. ஐட்லிங்கில் அதைக் கேட்டால் இன்ஜின் திணறும். சமவெளியின் மேம்பாலத்தில் பழகிய தாவல், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை போன்ற சரிவில், நிறைசுமையோடு ஏறும்போது கைவிடுவது இதனால்தான். அங்கே ஹேண்ட் பிரேக்கைத் தொடுவது தோல்வி அல்ல, கணக்கு தெரிந்ததன் அடையாளம். மலைப்பாதையில் ஒதுங்க இடமில்லாத இடங்களில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிடவேண்டும் என்று சாலைவிதி சொல்வதும், நின்று மறுபடி எடுக்கும் சுமை யாருக்கு அதிகம் என்பதை அறிந்துதான்.

இன்னொரு மறுப்பு புதிய வண்டிகளிலிருந்து வருகிறது. சரிவை உணர்ந்து, பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகும் சக்கரங்களைப் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்டு வசதி இன்று சிறிய கார்களிலும் வந்துவிட்டது. இனி இந்தக் கலை எதற்கு? அந்த வசதி பொதுவாக இரண்டு மூன்று நொடிகளே பிடிக்கும். கால் மாற்ற அந்த அவகாசம் தாராளம். ஆனால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை அது ஓட்டுநருக்குச் சொல்லாது. வேறொரு வண்டியில் ஏறியதும் அந்த இடம் மாறுகிறது, பிளேட் தேயத் தேய அதே வண்டியிலும் நகர்கிறது. தடுமாறுபவரை மூன்றாவது நொடியில் அந்த வசதி கைவிடும். ஹேண்ட் பிரேக்கோ அவர் இறக்கும் வரை காத்திருக்கும். கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் சாலை சட்டென்று செங்குத்தாவதால், அங்கே நிற்கநேர்ந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் பின்வண்டியின் முகப்பு நெருங்கித் தெரியும். அந்த நேரத்தில் இன்ஜின் ஒலி கனத்து இறங்குகிறதா என்று கேட்கத் தெரிந்த காதுக்கு எந்த வசதியும் மாற்றாகாது. கேட்டுவிட்ட பிறகு கை ஹேண்ட் பிரேக்கை இறக்க ஒரு நொடி ஆகும். கிளட்சுக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை.