ஒன்றரைக் கிலோ உப்பு

உடலியல் வாய்மொழித் தேர்வில் நான் விடாமல் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. குளோமெருலஸ் வடித்து அனுப்பும் உப்பில் மூன்றில் இரண்டு பங்கை அண்மை நுண்குழலே மீட்டுக்கொள்கிறது. ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதி மீட்பது கால் பங்குதான். அப்படியிருக்க, அண்மை நுண்குழலில் வேலை செய்யும் அசெட்டசோலமைடால் கொஞ்சம்தான் நீர் பிரிகிறது. ஏறுபகுதியில் வேலை செய்யும் ஃபியூரோசமைடோ, மூச்சிரைத்து உட்கார்ந்தே இரவைக் கழித்தவரைப் படுத்துத் தூங்க வைக்கிறது. ஏன்?

முதலில் கணக்கைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 125 மில்லி வீதம் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம். சமையல் உப்பாக நிறுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. அதில் ஒரு கிலோ அண்மை நுண்குழலில் திரும்புகிறது. 370 கிராம் ஏறுபகுதியில். 75 கிராம் சேய்மை நுண்குழலில். மிச்சத்தில் பெரும்பகுதி சேகரிப்பு நாளத்தில். கடைசியில் வெளியே போவது சில கிராம்தான்.

மாணவர்கள் உடனே சொல்லும் பதில், "மேலே விட்டதைக் கீழே பிடித்துவிடும்" என்பது. சரிதான். ஏறுபகுதிக்கு உப்பு கூடுதலாக வந்தால் அதுவும் கூடுதலாக மீட்கும். ஏறுபகுதியையே அடைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு அவ்வளவு உப்பை வாங்கும் தெம்பு இல்லை. இன்னும் யோசிப்பவர்கள், அசெட்டசோலமைடு பைகார்பனேட்டோடு போகும் சோடியத்தை மட்டுமே தடுக்கிறது, மற்ற வழிகள் திறந்தே கிடக்கின்றன என்பார்கள். அதுவும் சரி. ஆனால் எனக்குப் பிடித்த பதில் இதற்கும் அடுத்தது.

ஏறுபகுதி மேலே வந்து, தன் நுண்குழல் எந்தக் குளோமெருலஸில் தொடங்கியதோ அதே குளோமெருலஸைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் ஒரு சிறு திட்டாக நெருங்கி நிற்கும் செல்களுக்கு மேக்குலா டென்சா என்று பெயர். கடந்துபோகும் நீரில் உப்பு எவ்வளவு என்று அவை சுவை பார்க்கின்றன. உப்பு கூடினால், உள்ளே இரத்தம் கொண்டுவரும் நுண்தமனியைச் சுருக்கி வடிதலைக் குறைக்கின்றன. அசெட்டசோலமைடு கொடுத்தால் நடப்பது இதுதான். மேலே மீட்காமல் விட்ட உப்பு இங்கே வந்து சேர, வடிதலே குறைந்துவிடுகிறது.

இந்தச் செல்கள் சுவை பார்ப்பது எதைக் கொண்டு? ஏறுபகுதி உப்பை மீட்கும் அதே கடத்திப் புரதத்தைக் கொண்டு. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து உள்ளே இழுக்கும் அந்தப் புரதத்தைத்தான் ஃபியூரோசமைடு அடைக்கிறது. மீட்கும் கையைக் கட்டும் மருந்து, சுவைக்கும் நாக்கையும் சேர்த்தே மரக்கச் செய்கிறது. வெள்ளமாக உப்பு ஓடும்போதும் மேக்குலா டென்சாவுக்கு உப்பே வராதது போலிருக்கிறது. வடிதலைக் குறைக்கச் சொல்லி ஆணை போவதில்லை. இந்த ஓரிடப் பொருத்தத்தை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

மருந்து அங்கே போய்ச் சேரும் வழியும் அழகு. ஃபியூரோசமைடு இரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் ஆல்புமினைப் பற்றிக்கொண்டிருப்பதால் குளோமெருலஸ் வழியே வடிவதில்லை. அண்மை நுண்குழலின் செல்கள்தான் அதை இரத்தத்திலிருந்து பிடித்துக் குழலுக்குள் சுரக்கின்றன. அது தாக்குவதும் குழலின் உட்பக்கத்திலிருந்துதான். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் கூட்ட வேண்டிவருவது இதனால்தான்: தேங்கிய கழிவு அமிலங்களும் அதே வாசலில் முட்டி நிற்கின்றன.

மரத்த நாக்குக்கு ஒரு விலையும் உண்டு. உப்பு வரவில்லை என்று நம்பியதும் ரெனின் சுரக்கிறது. அதன் முடிவில் ஆல்டோஸ்டிரோன் சேகரிப்பு நாளத்தில் சோடியத்தை வாங்கிப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. வாரக்கணக்கில் மாத்திரை தொடர்ந்தால், நாள்தோறும் உப்பு மோதும் சேய்மை நுண்குழலின் செல்கள் பருத்து, முன்னைவிட அதிகம் மீட்கத் தொடங்குகின்றன.

இதய பலவீனத்தால் கால் வீங்கி வருபவரிடம் இதை நேரில் பார்க்கலாம். போன மாதம் கேட்ட மருந்து இந்த மாதம் கேட்காது. ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பிடித்த சிறுநீரில் லிட்டருக்கு 50 மில்லிமோல் சோடியம்கூட இல்லையென்றால், அந்த அளவு போதவில்லை என்று பொருள். முதலில் அளவை இரட்டிப்பார்கள். அப்படியும் அசையாவிட்டால், சேய்மை நுண்குழலை அடைக்கும் தயசைடு வகை மாத்திரையைச் சேர்ப்பார்கள். தனியாகக் கொடுத்தால் 75 கிராமோடு மல்லுக்கட்டும் எளிய மருந்து அது. ஏறுபகுதி அடைபட்டிருக்கும்போது சேர்த்தாலோ நீர் கொட்டத் தொடங்கும். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பொட்டாசியமும் சோடியமும் பார்த்துவிட வேண்டும்.