மூன்றாவது வரியின் அழகு

மாலையில் மேலாளருக்குப் போகும் மூன்று வரிக் குறிப்பில் முடிந்தது, மீதி, தடை என்ற வரிசை உண்டு. அதன் தரம் தெரிவது மூன்றாவது வரியில்தான். மீதி என்பது நேரம் கிடைத்தால் நானே முடிப்பது. தடை என்பது இன்னொருவர் கை அசைந்தால்தான் நகர்வது. இந்த இரண்டும் கலந்துவிட்டால், மேலாளர் தலையிட வேண்டிய இடம் அவருக்குத் தெரியாமலே போய்விடும். பணம் திருப்பித் தரும் வசதியை எழுதும் மென்பொருள் குழு ஒன்றில் நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

முடிந்தது: ரீஃபண்ட் பக்கம் சோதனை சர்வரில் ஏறிவிட்டது.
மீதி: பாதித்தொகை ரீஃபண்ட் கணக்கு, நாளை மதியத்துக்குள்.
தடை: வங்கியின் சோதனைச் சாவி வரவில்லை. திங்களன்று கேட்டேன், இன்று புதன் நினைவூட்டினேன். நாளை மாலைக்குள் வராவிட்டால் வெள்ளி வெளியீடு தள்ளிப்போகும். வங்கித் தரப்பு மேலாளரிடம் நீங்கள் பேச வேண்டும்.

யாரிடம், எப்போதிலிருந்து, வராவிட்டால் என்ன, நீங்கள் செய்ய வேண்டியது எது என்ற நான்கும் அந்தத் தடை வரியில் இருக்கின்றன. ‘வங்கிக்காகக் காத்திருக்கிறோம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மேலாளரும் சேர்ந்து காத்திருப்பார். ஜிராவில் எல்லாம் இருக்கிறதே, குறிப்பு எதற்கு என்பார்கள் சிலர். அட்டை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஜிரா காட்டும். அதை யார் தள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் அதில் இராது. தடையைச் சொன்னால் புகார்போல் ஒலிக்குமே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் புகார் ஒருவரைக் குறை சொல்கிறது. இந்த வரியோ தேதியைச் சொல்லி உதவி கேட்கிறது. வெள்ளிக்கிழமை சொன்னால் அது காரணம் மட்டுமே. புதன்கிழமை சொன்னால் இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது.