காத்திருப்புதான் கட்டணம்

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய மடிக்கணினியில் முகமாற்றம் செய்தால் படம் மட்டமாக வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ரூப், ஃபேஸ்ஃபியூஷன் போன்ற இலவசக் கருவிகளில் ஓடும் `inswapper_128` மாதிரி, எந்தக் கணினியில் ஓடினாலும் ஏறக்குறைய அதே முகத்தைத்தான் தருகிறது. பழைய கணினி கூடுதலாகக் கேட்பது நேரத்தை மட்டும்.

நண்பர் சம்மதித்துக் கொடுத்த படத்தை வைத்து 30 விநாடிக் காட்சி ஒன்றை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 பிரேம் என்றால் மொத்தம் 750. ஒரு பிரேமுக்கு ஒரு விநாடி ஆனால் பன்னிரண்டரை நிமிடம், இது தாங்கக்கூடியதே. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்த மாதிரி முகத்தை 128 பிக்சல் சதுரமாகத்தான் வரைகிறது. முகம் திரையை நிறைக்கும் குளோசப்பில் அது மங்கலாகத் தெரிய, GFPGAN போன்ற மெருகூட்டியைச் சேர்க்கத் தோன்றும். அது 512 பிக்சலில், அதாவது பதினாறு மடங்கு புள்ளிகளில் வேலை செய்வது. பிரேமுக்கு இன்னும் ஆறு விநாடி கூடினாலே மொத்த வேலை ஒன்றரை மணி நேரத்தை நெருங்கிவிடும். இடையில் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், முதல் ஐந்து நிமிட வேகத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

இவ்வளவு காத்திருந்தும் மெருகூட்டி தருவது முழு லாபமல்ல. தோலை மெழுகுபோல வழவழப்பாக்கும். பிரேமுக்குப் பிரேம் கண்ணிமையும் பல்லும் சற்றே மாறித் துடிக்கும். நண்பரின் சாயலும் கொஞ்சம் கழன்றுபோகும். முகம் 130 பிக்சல் அளவுக்கே தெரியும் தூரக் காட்சியைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் படியே வேண்டாம். பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை என்பேன்.

காணொளியின் அளவைக் குறைத்தால் வேகம் கூடும் என்ற யோசனை பாதிதான் பலிக்கும். முகம் எப்படியும் 128க்குச் சுருக்கப்படுவதால் மாதிரியின் உழைப்பு குறையாது. பிரேம்களைப் பிரித்துச் சேர்க்கும் நேரமும் வட்டில் இடமும் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவே.

உண்மையான இழப்பு வேறு: மறுபடி மறுபடி செய்து பார்க்கும் வசதி போய்விடுகிறது. ஒரே ஒரு பிரேமைச் சோதித்தால் துடிப்பு தெரியாது. ஆகவே தலை பக்கவாட்டில் திரும்பும் அல்லது கை முகத்தை மறைக்கும் இரண்டு விநாடியை வெட்டிச் சோதிப்பது நல்லது:

```
ffmpeg -ss 12 -i padam.mp4 -t 2 sodhanai.mp4
```

கை மேல் கன்னம் வரையப்பட்டிருந்தால், மறைப்பைக் கண்டறியும் முகமூடி தேவை. ஃபேஸ்ஃபியூஷனில் அது உண்டு, அதற்கும் நேரம் தனி. அந்த ஷாட்டையே வெட்டிவிடுவது பெரும்பாலும் மலிவு.

படம் எந்த சர்வருக்கும் போகாமல் சொந்தக் கணினியிலேயே இருப்பது இம்முறையின் பெரிய பலம். ஆனால் வேலை பாதியில் நின்றால் தற்காலிகக் கோப்புறையில் நண்பரின் முகத்தோடு நூற்றுக்கணக்கான பிரேம்கள் தங்கிவிடக்கூடும். அவற்றைக் கையால் தேடி அழிக்க வேண்டும்.