சடசடவும் மடமடவும் ஆங்கிலத்தில் எங்கே போகின்றன?

அம்மா சொன்ன ஒரு மழை இரவுக் கதையை அண்ணன் மகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அவள் அமெரிக்காவில் வளர்ந்தவள். தமிழ் கேட்டால் பாதி புரியும், படிக்க வராது. அம்மா இப்போது இல்லை. ஃபோனில் பதிந்து வைத்த குரல் மட்டும் இருக்கிறது. அதில் சிக்கலான பகுதி இதுதான்:

"ஓட்டு மேல சடசடன்னு மழை. கொல்லைல மடார்னு ஒரு தென்னமட்டை விழுந்துச்சு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. உங்க தாத்தா மடமடன்னு ஒரு சொம்பு தண்ணியக் குடிச்சுட்டு விறுவிறுன்னு கொல்லைக்குப் போனாரு."

ஐந்து வாக்கியத்தில்கூட இல்லை, நாலே வாக்கியத்தில் ஐந்து குறிப்புச் சொற்கள். மூன்று முறை மொழிபெயர்த்தேன். முதல் இரண்டும் ஏன் தோற்றன என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதல் வரைவில் 'சடசட' என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில், சாய்வெழுத்தில் வைத்தேன். தமிழ்க் காதுக்கு மட்டுமே அது மழை. அண்ணன் மகள் அதை யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்துவிட்டாள்.

இரண்டாவது வரைவில் அர்த்தத்தை எழுதினேன். சடசட என்றால் 'சத்தமாக', மடமட என்றால் 'வேகமாக', விறுவிறு என்றாலும் 'வேகமாக'. தப்பு அங்கேயே தெரிந்துவிட்டது. மடமடன்னு நடக்க முடியாது என்றில்லை, ஆனால் விறுவிறுன்னு யாரும் தண்ணி குடிப்பதில்லை. இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே சொல்லில் போய் விழுந்தால், மொழிபெயர்ப்பில் எதுவோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல சோதனை இது.

மூன்றாவது வரைவுக்கு முன்னால் ஆங்கிலத்தைக் கவனித்தேன். தமிழில் வினை பொதுவாக இருக்கும்: விழுந்தது, குடித்தார், போனார். எப்படி என்பதைப் பக்கத்தில் நிற்கும் குறிப்புச் சொல் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்த 'எப்படி' வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் வழியும் அங்கே உண்டு, சொல்லின் வாலில். 'பேட்' என்றால் ஒரு தட்டு, 'பேட்டர்' என்றால் தட்டிக்கொண்டே இருப்பது. 'கிராக்' ஒரு வெடிப்பு, 'கிராக்கிள்' தொடர் வெடிப்பு. நாம் சொல்லை இரட்டிப்பதற்கு அவர்கள் வால் சேர்த்திருக்கிறார்கள். அவர்களும் சொல்லை இரட்டிப்பதுண்டு, 'டிக்-டாக்' போல. ஆனால் அதைக் கதை முழுக்கத் தூவினால் குழந்தைப் பாட்டு மாதிரி ஆகிவிடும். அம்மா பயந்துபோன இரவு அது, பாட்டு இல்லை.

ஆகவே இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே வினையாக்கினேன். சடசடன்னு பெய்தது 'ராட்டில்ட்' ஆனது. 'டிரம்ட்' என்று முதலில் போட்டிருந்தேன். அது அடித்தொண்டைச் சத்தம், ஓட்டில் விழும் துளிக்கு ஒத்துவராது. மடமடன்னு குடித்தார் 'கல்ப்ட் டவுன்'. விறுவிறுன்னு போனார் 'ஸ்ட்ரோட்'. இப்போது தாத்தாவின் இரண்டு வேகமும் வேறுவேறாகத் தெரிந்தன.

நெஞ்சுதான் படியவில்லை. 'பவுண்டிங்' என்றால் கனமாக இடிப்பது. படபட லேசானது, சிறகு அடிப்பது மாதிரி. 'ஃபிளட்டர்' அதற்கு அருகில் வருகிறது, ஆனால் அந்த இடத்தில் காதல் வாசனை அடிக்கிறது. பயம்தான் முக்கியம் என்று 'பவுண்டிங்' வைத்தேன். நஷ்டம் தெரிந்தே வைத்தது.

இன்னொரு நஷ்டம் பெரியது. இந்தச் சொற்களைத் தாங்கி நிற்பது 'ன்னு', அதாவது 'என்று'. அடுத்தவர் பேச்சைச் சொல்ல நாம் வைத்திருக்கும் அதே சொல். 'வரேன்னு சொன்னான்' என்பதும் 'சடசடன்னு பெஞ்சுது' என்பதும் ஒரே அமைப்பு. அம்மா மழையைப் பற்றிச் சொல்லவில்லை, மழையாகவே ஒரு நொடி பேசிக் காட்டுகிறாள். 'ராட்டில்ட்' மழையைப் பற்றித்தான் சொல்லும்.

ஐந்து இடத்திலும் பேசிக் காட்ட ஆங்கிலம் விடாது. ஓரிடத்தில் விடும். அது மடார். படபட, மடமட எல்லாம் தொடர்ச்சி. மடார், படார், சடார் என்று 'ஆர்' வந்தால் ஒரே தடவை, திடீரென்று. ஒற்றைச் சத்தத்தைத் தனியே நிறுத்துவது ஆங்கிலத்துக்கும் இயல்பு. எனவே அங்கே மட்டும் வினையில் கரைக்காமல் 'கிராக்!' என்று தனி வாக்கியமாக விட்டேன். பதிவைத் திரும்பக் கேட்டால், அம்மாவும் அந்த ஒரு இடத்தில்தான் குரலை உயர்த்துகிறாள்.

ஃபோனில் படித்துக் காட்டினேன். 'கிராக்' வந்ததும் அண்ணன் மகள், "தாத்தா மேலயா விழுந்துச்சு?" என்று கேட்டாள். சின்ன வயதில் நானும் அதே இடத்தில்தான் கேட்டேன்.