எட்டில் அடங்கினால் போதுமா?

ஆம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. நாகஸ்வரக் கோஷ்டி கீர்த்தனைகளை முடித்துவிட்டு, மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டதற்காக எட் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ' பாட்டை எடுத்தது. மெட்டில் ஒரு சுரமும் பிசகவில்லை. தாளம் ஆதி, ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், சமமும் சரியாகவே வந்து விழுந்தது. ஆனால் இரண்டாவது சுற்றிலேயே நண்பர்களின் கைதட்டல் தடுமாறி நின்றுவிட்டது. கணக்கு சரியாக இருந்தும் பாட்டு கையைவிட்டுப் போனது ஏன் என்று அன்றிரவு வேலூர் திரும்பும் வழியெல்லாம் விரலில் போட்டுப் பார்த்தேன். பிறகு பல நாள் போட்டுப் பார்த்ததில் தெளிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2017-இல் வந்த இந்தப் பாட்டை ஆதிக்குக் கொண்டுவர யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. அதே ஆண்டில் 'இந்தியன்ராகா' அமைப்பின் ஆதித்ய ராவ், வினோத் கிருஷ்ணன், ஐபேடில் வாசிக்கும் மகேஷ் ராகவன் ஆகியோர் இதற்குக் கர்நாடக வடிவம் கொடுத்தார்கள். பெரிய வரவேற்பும் கிடைத்தது. பாட்டின் முதுகெலும்பு, தொடக்கம் முதல் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு வாத்தியத் துணுக்கு. அது மேற்கத்தியக் கணக்கில் நான்கு அடி கொண்ட இரண்டு பார்களில் ஒரு சுற்று முடிக்கிறது. நம் கணக்கில் சரியாக எட்டு அட்சரம், சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. ஒரு சுற்றுக்கு ஓர் ஆவர்த்தனம். இதைக் கண்டதும் 'பொருந்திவிட்டது' என்று பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அங்கேதான் கேள்வி தொடங்குகிறது.

அந்தத் துணுக்கு 32 மாத்திரையையும் நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டு நடப்பதில்லை. இரண்டு அட்சரத்துக்கு மூன்று சுரம். முதல் சுரம் 3 மாத்திரை, இரண்டாவது 3, மூன்றாவது 2. சொற்கட்டில் சொன்னால் 'தகிட தகிட தக'. ஆவர்த்தனத்தில் இது நான்கு முறை வருகிறது. தாளத்தின் அடியோ 0, 4, 8 என்று விழ, சுரங்கள் 0, 3, 6, 8 என்று விழுகின்றன. நடுவில் இருக்கும் இரண்டு சுரங்களும் எந்த அட்சரத்தின் மீதும் உட்காராமல் ஒன்று அடிக்கு முன்னும் ஒன்று அடிக்குப் பின்னும் தொங்குகின்றன. பாட்டின் துடிப்பு அந்தத் தொங்கலில் இருக்கிறது.

ஆம்பூரில் நடந்தது இதுதான். மூலப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 அடி. கல்யாண மண்டப உற்சாகத்தில் கோஷ்டி அதைத் தாண்டி ஓடியது. வேகம் கூடினால் 3, 3, 2 என்ற ஏற்றத்தாழ்வைக் கை தானாகச் சமமாக்கிவிடும். மூன்று சுரமும் ஒரே நீளமாகி, இரண்டு அட்சரத்தில் மூன்று சம அடியாக, திஸ்ரத்தின் சாயலில் உருண்டுவிடும். எட்டு மாத்திரையை மூன்றால் வகுத்தால் சுரத்துக்கு 2.67 மாத்திரை. அப்போது மூன்றாவது சுரம் 6-இல் விழ வேண்டியது 5.33-இலேயே விழுந்துவிடுகிறது. 96 வேகத்திலேயே அது பத்தில் ஒரு விநாடி முந்தல். சமம் தப்பவே தப்பாது, ஏனென்றால் எட்டாவது மாத்திரையில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் தாளம் போடுகிற வித்வான் பிழையை உணர்வதில்லை. உணர்வது கேட்கிறவரின் கால். துள்ளிக்கொண்டிருந்த பாட்டு ஊஞ்சல்போல் ஆடத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆதி தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஓசை எழுவது 1, 5, 7 ஆகிய அட்சரங்களில். பாப் இசையில் டிரம்ஸின் கூர்மையான அடி 2, 4, 6, 8 ஆகிய இடங்களில் விழும். அதாவது சுண்டுவிரலிலும் நடுவிரலிலும் இரண்டு வீச்சுகளிலும். அந்த இசை எங்கெல்லாம் ஓங்கி அடிக்கிறதோ அங்கெல்லாம் நம் கை ஓசையில்லாமல் நகர்கிறது. இதை எதிர்ப்பு என்று நான் பார்க்கவில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்புகிறது. ஆனால் தவில்காரர் பழக்கத்தால் சமத்தையும் திருதத் தட்டுகளையும் அழுத்தி அறைந்தால், இரண்டாவது, நான்காவது அடிகளுக்கு மூச்சே இருக்காது.

தவிலில் இதற்கு இயல்பான வழி உண்டு. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் கனத்த நாதம். விரல் கூடுகளால் வாசிக்கும் வலந்தலை கூர்மை. கனத்ததை 1, 3, 5, 7-இல் அளவாக வைத்து, வலந்தலையின் கூர்மையை 2, 4, 6, 8-இல் விட்டால் டிரம்ஸின் வேலை முழுவதும் அங்கேயே கிடைத்துவிடும்.

கமகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது சுரம் இரண்டே மாத்திரை. அதை அசைத்தால் சுரம் எங்கே தொடங்கியது என்பதே மங்கிவிடும். நாகஸ்வரத்தில் அந்த இடத்தைத் துத்துகாரத்தால் வெட்டி ஊத வேண்டும். அசைவை நீண்ட சுரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மெட்டு நடபைரவியின் சுரங்களிலேயே நிற்பதால் 'ராகபாவம் காட்டியே ஆக வேண்டும்' என்ற ஆசை வித்வானுக்கு வருவது இயற்கைதான். ஆனால் பாட்டின் நடை நடக்கும்போது அந்த ஆசையை அடக்கி, சுரம் பாடும் இடங்களில் அவிழ்த்துவிடுவதே முறை. அந்தச் சுரங்களும் 'தகிட தகிட தக'வையே கோத்துச் சென்றால் கேட்பவர் பாட்டைவிட்டு வெளியே போக மாட்டார். இந்த மாதிரி முயற்சிகளில் பல சறுக்குவது, சுரம் பாடும்போது பாட்டின் கணக்கை மறந்து பழகிய கோர்வைக்குத் தாவுவதில்தான். கோர்வை சமத்தில் முடிந்துவிடும். பாட்டின் பல்லவியோ அதற்கு அரை அட்சரம் முன்னாலேயே, அதீத எடுப்பில், தொடங்கியிருக்க வேண்டும்.

எல்லா மெட்டையும் எட்டில் அடைக்கலாமா என்றால், கூடாது. முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இயற்றியபோது, மூன்றடி நடையுள்ள அந்த மெட்டை ஆதிக்கு இழுக்கவில்லை. திஸ்ர ஏகத்தில் விட்டுவிட்டார். மெட்டின் உள்நடையை முதலில் கேட்டு, தாளத்தைப் பிறகு தேர்ந்தெடுத்த காது அது. அந்த அளவுகோலை வைத்தே 'ஷேப் ஆஃப் யூ' ஆதிக்கு உரியது என்று தீர்ப்பளிக்கிறேன். சுற்று எட்டாக இருப்பது அதற்குப் பாதிக் காரணம்தான். 3, 3, 2 நமக்குப் பிறவியிலேயே தெரிந்த சொற்கட்டு என்பது மீதிப் பாதி. வேகத்தை 96-ஐ ஒட்டி வைக்காத, தட்டுகளை அறைகிற எந்த வாசிப்பையும் நான் ஏற்க மாட்டேன், சமம் எத்தனை சுத்தமாக விழுந்தாலும்.

அன்று பந்தி முடியும் நேரத்தில் அதே பாட்டை இன்னொரு முறை கேட்டார்கள். தவில்காரர் களைத்திருந்தார், வேகம் தானாகக் குறைந்தது. பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பையன் எல்லா அட்சரத்துக்கும் தட்டுவதை விட்டுவிட்டு, என்ன தோன்றியதோ, இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் ஜால்ராவைத் தட்டினான். தவில்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுத்த ஆவர்த்தனத்தில் வலந்தலை அவனோடு சேர்ந்துகொண்டது.