இரவுக் கணக்கில் விழும் ஒரு பெட்டி

மதுரையில் நொறுக்குத்தீனி, பிஸ்கட், குளிர்பானம் விற்கும் ஏஜென்சிகளில் காலை வேலை லோடு ஷீட்டோடு தொடங்குகிறது. குடோன்காரர் பெட்டிகளை எண்ணிக் கொடுக்கிறார், லோடுமேன் வண்டியில் அடுக்குகிறார், சேல்ஸ்மேன் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து விழுந்ததிலிருந்து வண்டியில் இருக்கும் சரக்கு அவர் பொறுப்பு. இரவு வண்டி திரும்பியதும் மீதிச் சரக்கு, ரொக்கம், கடைகளில் புதிதாக விட்ட பாக்கி, திரும்பி வந்த டேமேஜ் நான்கும் சேர்ந்து காலையில் ஏற்றியதற்குச் சமமாக வேண்டும். குறைந்தால் ஷார்ட்டேஜ். ஷார்ட்டேஜ் பெரும்பாலும் சேல்ஸ்மேனின் சம்பளத்தில் பிடிபடும்.

இந்த முறை இன்னும் நீடிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பெரிய கம்பெனிகள் பலவும் இன்று ஆர்டர் எடுத்து மறுநாள் டெலிவரி கொடுக்கின்றன. நகரத்துக்குள் அது நன்றாக ஓடும். ஆனால் மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டிப் பக்கமோ, உசிலம்பட்டிச் சாலையின் உள் கிராமங்களிலோ இருக்கும் பெட்டிக்கடைக்காரர் கல்லாவில் அந்த நேரத்தில் உள்ள காசைப் பார்த்துத்தான் வாங்குகிறார். இன்று ஆர்டர் சொன்னவரிடம் நாளை வண்டி போய் நின்றால் காசு இருக்காது, அல்லது அதற்குள் வேறொரு வண்டியில் வாங்கியிருப்பார். ஒரே ஊருக்கு ஒரு வாரத்தில் இரண்டு முறை வண்டி போனால் டீசலும் கட்டுப்படியாகாது. 2005இல் டாட்டா ஏஸ் வந்து, நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று பெயரும் வாங்கிய பிறகு, சரக்கைக் கையோடு கொண்டுபோய் விற்பது சின்ன ஏஜென்சிக்கும் எட்டும் காரியமானது. ஜி.எஸ்.டி. சட்டமும் இதற்கு வழி விட்டிருக்கிறது. எந்தக் கடை எவ்வளவு வாங்கும் என்று தெரியாமல் சரக்கு கிளம்பும்போது டெலிவரி சலானில் கொண்டுபோய், விற்ற இடத்தில் பில் போடலாம். இ-வே பில் தளத்தில் ‘லைன் சேல்ஸ்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை அந்தப் பில்லும் வேண்டியதில்லை என்பதால், பல சின்ன வண்டிகளுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

சரி, முறையின் பலம் எங்கே? தவறைத் தேட வேண்டிய காலத்தை ஒரே பகலுக்குள் அது அடைத்துவிடுகிறது. மாதக் கடைசியில் பத்துப் பெட்டி குறைகிறது என்று தெரிந்தால் யாரிடம் கேட்பது? இன்று இரவு ஒரு பெட்டி குறைந்தால், இன்று போன முப்பது நாற்பது கடைகளுக்குள் பதில் இருக்க வேண்டும். சேல்ஸ்மேனுக்கும் அந்தக் கடைகள் இன்னும் மறந்திருக்காது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேலூர் லைனுக்குப் போகும் சிப்ஸ் வண்டி. கடை விலைக்கு ஒரு பெட்டி 510 ரூபாய். காலையில் ஏற்றியது 50 பெட்டி, இரவில் மீதி 14. அப்படியானால் வண்டியை விட்டு இறங்கியது 36. பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் 2 பெட்டி போக, 34 பெட்டிக்குப் பணம் வர வேண்டும், அதாவது 17,340 ரூபாய். இதில் இன்று விட்ட புதுப் பாக்கி 4,590. டேமேஜ் எடுத்துக்கொண்டு பில்லில் கழித்தது 340. பழைய பாக்கி வசூல் 2,800. கழித்துக் கூட்டினால் சேல்ஸ்மேன் ஒப்படைக்க வேண்டியது 15,210 ரூபாய். அவர் கொடுத்ததோ யு.பி.ஐ.யில் 4,010, ரொக்கம் 10,690, மொத்தம் 14,700. குறைவு 510.

அனுபவமுள்ள கணக்குப்பிள்ளை இங்கே உடனே ‘ஷார்ட்டேஜ்’ என்று எழுதிவிட மாட்டார். முதலில் தொகையைப் பார்ப்பார். குறைவு 500 என்றால் ஒரு நோட்டு தவறியிருக்கலாம். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், 1,540ஐ 1,450 என்று எழுதியது போல இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பில்களைப் புரட்டுவார். 510 என்பது சரியாக ஒரு பெட்டி விலை. அடுத்து பில்களைக் கூட்டுகிறார். விற்றதாகப் பில் இருப்பது 33 பெட்டிக்கு, இலவசம் 2, ஆக 35. பில்படி பார்த்தால் பணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. காணாமல் போனது காசு அல்ல, பில் இல்லாமல் ஒரு பெட்டி.

இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றும், ஆனால் ஒருவரைத் திருடன் என்பதற்கும் கவனக்குறைவானவர் என்பதற்கும் இடையிலான தூரம் இதில்தான் இருக்கிறது. பில்லில் 36 பெட்டியும் இருந்து பணம் மட்டும் குறைந்தால் கேள்வி சேல்ஸ்மேனின் பையைப் பற்றியது. பில்லே 35 பெட்டிக்குத்தான் என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. ஒரு கடையில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இறங்கியிருக்கலாம். ஒத்தக்கடை நெரிசலில் கதவு பூட்டாத வண்டியிலிருந்து யாராவது எடுத்திருக்கலாம். இல்லாவிட்டால் காலையில் ஏற்றியதே 49 ஆக இருக்கலாம். ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நிற்கும் அவசரத்தில் பெட்டியை ஒவ்வொன்றாக யாரும் எண்ணுவதில்லை. அடுக்குக்கு ஐந்து, பத்து அடுக்கு, ஐம்பது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

கடைசிக் காரணத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. காலையில் 49தான் ஏறியது என்றால் அந்த ஐம்பதாவது பெட்டி குடோனில் இருக்க வேண்டும். குடோனில் அந்த ஒரே ஐட்டத்தை எண்ணி, ஏட்டு இருப்பைவிட ஒன்று கூடுதலா என்று பார்த்தால் போதும். ஆனால் அந்த எண்ணிக்கை பல ஏஜென்சிகளில் நடப்பதில்லை. வண்டியைத் தினமும் எண்ணுகிறார்கள், குடோனை மாதம் ஒருமுறைதான் எண்ணுகிறார்கள். இந்த முறையின் அடிப்படைக் குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கைமாற்றத்தில் கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு பேர். வாங்கியவருக்கு மட்டும் அன்றாடம் தணிக்கை என்றால், கொடுத்தவரின் தவறும் வாங்கியவர் தலையில்தான் விழும். குடோனில் கூடுதலாக நின்ற பெட்டி மாதக் கடைசியில் ‘எக்சஸ்’ என்று எழுதப்பட்டு மறந்துபோகும். அதற்கு முன்பே சேல்ஸ்மேன் 510 ரூபாய் கட்டியிருப்பார்.

சட்டம் இதை இவ்வளவு எளிதாக விடவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒப்படைத்த சரக்கு தொலைந்தாலோ பணம் குறைந்தாலோ சம்பளத்தில் பிடிக்க அனுமதிக்கிறது, ஆனால் அந்த இழப்பு நேரடியாக அந்த ஊழியரின் அலட்சியத்தால் வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குடோனை எண்ணாத முதலாளி, இழப்பு சேல்ஸ்மேனின் அலட்சியம்தான் என்று எதை வைத்துச் சொல்வார்?

அந்த 510 ரூபாயைக் கட்ட வேண்டியவர் என்ன செய்வார் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் முறையின் இரண்டாவது ஓட்டை அங்கேதான் திறக்கிறது. நேர்மையானவர் ஒருமுறை கட்டுவார், இரண்டாம் முறையும் கட்டுவார். மூன்றாம் முறை ஒரு கடைக்காரர் கொடுத்த பழைய பாக்கி 600 ரூபாயை எழுதாமல் வைத்துக்கொண்டு இன்றைய குறைவை அடைப்பார். அடுத்த வாரம் இன்னொரு கடையின் வசூலை அந்த முதல் கடை பெயரில் எழுதுவார். ஒவ்வொரு இரவும் கணக்கு நேராகும். பணம் மட்டும் கடைக்குக் கடை தாவிக்கொண்டே இருக்கும். இரவுக் கணக்கு இதைப் பிடிக்காது. அது வண்டியைத்தான் பார்க்கிறது, கடைக்காரரின் நோட்டை அல்ல.

வெளியே தெரியும் அறிகுறிகள் உண்டு. விற்பனை அதே அளவில் இருக்கும்போது பாக்கியின் வயது மட்டும் கூடும். எப்போதும் ரொக்கம் கொடுக்கும் கடையின் பெயர் பாக்கிப் பட்டியலில் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த சேல்ஸ்மேன் லீவு போட்ட நாளில் வேறு ஆள் போனால் கடைக்காரர் சொல்வார்: “போன வாரமே குடுத்துட்டேனேண்ணே, உங்க ஆளு எழுதலையா?” முதலாளி மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் லைனுக்குப் போய் பத்துக் கடையில் பாக்கியைச் சரிபார்ப்பது, தினமும் இரவு நோட்டு எண்ணுவதைவிட இதற்குப் பயன்படும். கடைகளில் ஏஜென்சியின் சொந்த க்யூஆர் அட்டையைக் காட்டி வாங்கும் பணத்தில் இந்தத் தாவல் நடக்க முடியாது. சேல்ஸ்மேனின் போன் நம்பருக்குப் பணம் அனுப்பும் பழக்கம் இருக்கும் லைனில் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

நம் உதாரணத்தில் இலவசமாகப் போன 2 பெட்டியை எந்தக் கேள்வியும் இல்லாமல் கழித்தோம். அதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெட்டிக்கடைகள் ஒரு பெட்டி, அரைப் பெட்டிதான் எடுக்கும். பத்துப் பெட்டி எடுக்கும் கடை மேலூர் பஜாரில் ஒன்றிரண்டுதான். பத்துச் சின்னக் கடைகளுக்கு விற்றதை ஒரே பெரிய கடை பெயரில் பில் போட்டால் இலவசப் பெட்டி கிடைத்துவிடும். அதைக் காசுக்கு விற்றால் 510 ரூபாய் பையில் நிற்கும், இரவுக் கணக்கிலும் எந்த ஓட்டையும் தெரியாது. டார்கெட் கடுமையாகவும் பேட்டா குறைவாகவும் உள்ள லைன்களில் இது பாதி வெளிப்படையாகவே நடக்கிறது, முதலாளிகள் பலருக்கும் தெரியும். டேமேஜும் இதே ரகம்தான். திரும்பி வந்த பாக்கெட்டின் மூலையை அன்றிரவே கத்தரிக்காவிட்டால், அதே பாக்கெட் அடுத்த வாரம் இன்னொரு கடையின் டேமேஜாக மறுபடி வரும்.

மீதிச் சரக்கை இரவில் இறக்காமல் வண்டியிலேயே விட்டு, மறுநாள் விற்றதை மட்டும் நிரப்பிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. லோடுமேன் கூலி மிச்சம். ஆனால் அங்கே மீதி 14 பெட்டி என்பது எண்ணியதா, எழுதியதா என்று கேட்க வேண்டியிருக்கும். கணக்கை ரூபாயில் மட்டும் வைப்பதும் ஆபத்துதான். 2025 செப்டம்பர் 22 அன்று சிப்ஸ், மிக்சர் வகைகளின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. முந்தைய இரவு வண்டியில் நின்ற சரக்கைப் பழைய விலையில் ஏற்றி, காலையில் புது விலையில் பில் போட்டால், பெட்டி ஒன்றும் குறையாமலே ரூபாயில் ஷார்ட்டேஜ் காட்டும். பெட்டி எண்ணிக்கையில் கணக்கு வைத்திருந்தால் அந்தக் குழப்பம் வர வழியில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து நான் கேட்கும் மாற்றம் ஒன்றே ஒன்று: எந்த ஐட்டத்தில் வண்டியில் வித்தியாசம் வருகிறதோ அந்த ஐட்டத்தை அன்றிரவே குடோனிலும் எண்ண வேண்டும், குடோன்காரரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். முழுக் குடோனையும் எண்ணத் தேவையில்லை. ஒரு ஐட்டத்துக்குக் கால் மணி நேரம் போதும். தடை நேரத்தில் இல்லை. வண்டிகள் ஒன்பது மணிக்குத் திரும்பும், குடோன்காரர் ஏழு மணிக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவரை இருக்கச் சொன்னால் கூடுதல் சம்பளம் தர வேண்டும். இன்று அந்தச் செலவை மிச்சப்படுத்தித் தருவது சேல்ஸ்மேனின் பிடித்தம்தான்.