அழித்த பிறகும் நிரம்பியிருக்கும் போன்

திரை நன்றாக இருக்கிறது. பேட்டரி காலையிலிருந்து இரவு வரை தாராளமாக நிற்கிறது. இந்த விலைக்குக் கேமரா அதிகம்தான். இந்த நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனைப் பற்றி இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த நிறுவனத்தின் போன்கள் எப்போதுமே பிடிக்கும், இதற்கு முன்பு வைத்திருந்ததும் இவர்களுடையதே. பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம், நான் எழுத வந்த எரிச்சல் இவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. கிட்டத்தட்ட எல்லா போன்களிலும் இருக்கிறது. ஆனால் பல வாரங்கள் கையில் வைத்துப் பழகிய பிறகு, இந்தப் போனைப் பற்றி எனக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான்: இதில் அழித்தால் இடம் வருவதில்லை.

நான் வாங்கியது 128 ஜிபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குத் தங்கை மகன் இந்தப் போனை வாங்கிக்கொண்டு 4கே-யில் படமெடுத்துத் தள்ளினான். போன்களில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 எம்பி பிடிக்கும். அரை மணி நேரத்துக்குப் பத்து ஜிபி போய்விடும். மண்டபத்தில் இரைச்சலோடு எடுத்த அந்த நீளமான வீடியோ யாருக்கும் வேண்டாம் என்று முடிவானதும், இரண்டு நாள் கழித்து அதை அழித்தான். அழித்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

“டெலிட் பண்ணிட்டேன் மாமா, இன்னும் ஸ்டோரேஜ் ஃபுல்னுதான் காட்டுது.”

போன் பொய் சொல்லவில்லை. வீடியோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு 11 முதல், கேலரி ஒரு கோப்பைக் குப்பைக்கு அனுப்ப, போனுக்குள்ளேயே ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. குப்பை என்றதும் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் கோப்பு போய் விழுகிறது என்றுதான் நினைப்போம். அப்படி எதுவும் நகர்வதில்லை. கோப்பின் பெயர் மட்டும் மாறுகிறது. மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும் ஃபைல் மேனேஜர் ஒன்றைக் கொண்டு கேமரா ஃபோல்டரைத் திறந்தால் இப்படி ஒரு பெயரைப் பார்க்கலாம்:

```
.trashed-1767272400-VID_20251130_104512.mp4
```

முதலில் வரும் புள்ளி, கோப்பை மறைப்பதற்கு. கடைசியில் இருப்பது பழைய பெயர். 2025 நவம்பர் 30 காலை எடுத்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. நடுவில் உள்ள பத்து இலக்க எண்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1970 ஜனவரி 1-இலிருந்து ஓடிய விநாடிகளின் எண்ணிக்கை அது. நம் நேரத்துக்கு மாற்றினால் 2026 ஜனவரி 1, மாலை 6.30. அதாவது இந்தக் கோப்பு உண்மையாகவே அழிய வேண்டிய நாள் அதன் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து முப்பது நாள் பின்னால் போனால், பையன் டெலிட்டை அழுத்திய டிசம்பர் 2 மாலை. மீட்டெடுக்க நினைத்தால் பெயரைப் பழையபடி மாற்றிவிட்டால் போதும் என்பதால்தான் பத்து ஜிபி வீடியோவைக்கூட இமைக்கும் நேரத்தில் கேலரி திருப்பித் தந்துவிடுகிறது. ரொம்ப நேர்த்தியான வேலை. இதைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

(எல்லா நிறுவனத்தின் கேலரியும் இதே வழியில் போகாது. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு மறைவான ஃபோல்டர் வைத்துக்கொள்கின்றன. எப்படியானாலும் கணக்கு ஒன்றுதான்: கோப்பு எங்கேயும் போகவில்லை, இடமும் வரவில்லை.)

இன்னொரு சின்ன விஷயம். கெடு முடிந்த அந்த விநாடியே கோப்பு மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கெடு தாண்டியவற்றைத் துடைப்பது ஆண்ட்ராய்டின் பின்னணிப் பராமரிப்பு வேலைகளில் ஒன்று. போன் சார்ஜில் கிடந்து, யாரும் தொடாமல் இருக்கும் நேரத்தில்தான் அது நடக்கும். இரவில் சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அலுவலகத்தில் போனை நோண்டிக்கொண்டே அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்பவர்களுக்கு, முப்பது நாள் என்பது இன்னும் கொஞ்சம் நீளும்.

சரி, ஒரு மாதம் கழித்தாவது இடம் வந்துவிடுகிறதே, அதற்கு ஏன் இவ்வளவு புலம்பல் என்று கேட்கலாம். அந்த ஒரு மாதக் கணக்கு எப்போதும் முடிவதில்லை என்பதுதான் பதில். மாதத்துக்கு 20 ஜிபி படமெடுத்து, அதில் தேறாத 15 ஜிபியை அவ்வப்போது அழிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கான ஆள். ஆனால் எந்த நாளில் பார்த்தாலும் அவர் போனில் கடந்த முப்பது நாளின் கழிவு, அதாவது சுமார் 15 ஜிபி, உட்கார்ந்திருக்கும். பழையது வெளியேற வெளியேறப் புதியது உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆகவே அவருடைய 128 ஜிபி போன் நிரந்தரமாகவே 113 ஜிபி போன். சிஸ்டம் பிடித்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் இன்னும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், அதிகமாக அழிப்பவர்தான் அதிகம் இழக்கிறார். எதையும் அழிக்காமல் சேர்த்து வைப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ ஆல்பத்துக்குக் கெடு முப்பது நாள், சில சமயம் நாற்பது வரை போகலாம் என்பது ஆப்பிளே சொல்வது. ஐஓஎஸ் 16-இலிருந்து அந்த ஆல்பத்துக்குப் பூட்டு வேறு. முகத்தையோ விரலையோ கடவுக்குறியீட்டையோ காட்டினால்தான் திறக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அப்படி ஒரு ஆல்பம் இருக்கிறது என்பதே இன்னும் பலருக்குத் தெரியாது. ‘போனைச் சுத்தம் செய்கிறோம்’ என்று ஆப் ஸ்டோரில் குவிந்திருக்கும் செயலிகளை நம்பிச் சந்தா கட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டோ லைப்ரரியிலிருந்து வெளிச் செயலி எதை அழித்தாலும் ஐஓஎஸ் அதை அந்த ஆல்பத்துக்குத்தான் அனுப்பும். நேராக அழிக்கும் உரிமை அவற்றுக்குக் கிடையாது. ‘எட்டு ஜிபி மீட்டுவிட்டோம்’ என்று செயலி கொண்டாடும் நேரத்தில் எட்டு ஜிபியும் அங்கேயே இருக்கும். கடைசி வேலையை ஆல்பத்துக்குள் போய் நாமே செய்ய வேண்டும்.

மேகத்துக்கு வந்தால் கெடு இன்னும் நீளம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் ட்ராஷில் அறுபது நாள் இருக்கும். பேக்கப் ஆகாதது என்றால் முப்பது நாள். கூகுள் டிரைவின் குப்பை ஒரு காலத்தில் நாமாகக் காலி செய்யும் வரை அப்படியே கிடந்தது. 2020 அக்டோபரில்தான் அதற்கும் முப்பது நாள் கெடு வைத்தார்கள். அந்தக் கெடு முடியும் வரை அதில் கிடப்பதெல்லாம் 15 ஜிபி இலவசக் கணக்கில்தான் சேரும். ஜிமெயிலின் ட்ராஷும் ஸ்பாமும்கூட அதே 15 ஜிபியைத்தான் தின்கின்றன. கணக்கு நிரம்பிவிட்டால் புது மெயில் உள்ளே வராது. மெயில் வரவில்லையே என்று பதறிப்போய் டிரைவில் பெரிய கோப்புகளை அழித்தவர், ட்ராஷைக் காலி செய்யவில்லை என்றால் அழித்ததால் எந்தப் பயனும் இல்லை. காலி செய்த பிறகும் எண்ணிக்கை மாறக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். டிராப்பாக்ஸ் இதில் ஒரு விதிவிலக்கு: அழித்ததைச் சில காலம் வைத்திருக்கும், ஆனால் உங்கள் கணக்கில் எழுதாது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது ஒன்று போதும்.

என் குறை, குப்பை இருப்பதைப் பற்றியதல்ல. குழந்தையின் முதல் நடையைத் தவறுதலாக அழித்துவிட்டு மறுநாள் மீட்டவர்கள் இருக்கிறார்கள். குறை, போன் பேசும் முறையில். இடமில்லை, சில கோப்புகளை அழியுங்கள் என்று அறிவிப்பு அனுப்புவது போன். அழிக்கும்போது ‘இது ட்ராஷுக்குப் போகிறது’ என்று மெல்லிய எழுத்தில் சொல்வதும் போன். இரண்டையும் சேர்த்து, ‘உங்களுக்கு இப்போதே இடம் வேண்டுமா, இல்லை ஒரு மாதம் பத்திரமாக வைக்கட்டுமா’ என்று ஒரு கேள்வி கேட்க அதற்குத் தோன்றவில்லை. மேலும், ஒரு போனில் ஒரு குப்பை என்றால் பரவாயில்லை. என் போனில் கேலரிக்கு ஒன்று, ஃபைல் மேனேஜருக்கு ஒன்று, கூகுள் போட்டோஸுக்கு ஒன்று, ரெக்கார்டருக்கு ஒன்று. வீட்டில் அறைக்கு ஒரு குப்பைக்கூடை வைத்துவிட்டு, எது நிரம்பியிருக்கிறது என்று சொல்லாமல் ‘வீடு நாறுகிறது’ என்று மட்டும் சொல்வதைப் போல இருக்கிறது.

எந்தக் கூடை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் படம், வீடியோ, செயலி என்று பிரித்துக் காட்டும். பல போன்களில் இப்போது ட்ராஷ் என்று தனி வரியே இருக்கிறது. அது இல்லாத போனில், கேலரியில் இருக்கும் வீடியோக்களின் மொத்த அளவுக்கும் செட்டிங்ஸ் சொல்லும் அளவுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், வித்தியாசம் பெரும்பாலும் குப்பையில் இருக்கிறது.

தங்கை மகனுக்கு நான் செய்து காட்டியது இதைத்தான். முழு ட்ராஷையும் ஒரே அடியாகக் காலி செய்யவில்லை. அதில் அவனுக்கே தெரியாமல் அழிந்த நல்ல படங்களும் கிடந்தன. காலி செய்துவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. கேலரியின் ட்ராஷைத் திறந்து, அந்த முகூர்த்த வீடியோவை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து நிரந்தரமாக அழிக்கச் சொன்னேன். இடம் அப்போதே வந்துவிட்டது. ஓர் எச்சரிக்கையும் கொடுத்தேன்: கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளிருந்து அழித்தால் போனிலிருந்து மட்டுமல்ல, மேகத்திலிருந்தும் அது போய்விடும். பேக்கப் இருக்கிறதே என்ற தைரியத்தில் அங்கே கைவைக்கக் கூடாது.

இனி வாங்குவதைப் பற்றி. போனில் எனக்கு வேறு புகார் இல்லை. நிறைய வீடியோ எடுப்பவர், எடுத்ததில் பாதியை அழிப்பவர் என்றால், 128 ஜிபி மாடலைத் தவிர்த்துவிட்டு 256-க்குப் போங்கள். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி, நீங்கள் வேண்டாம் என்று தூக்கி எறிந்தவற்றைக் குடிவைக்கும் வாடகைதான். கொடுக்க மனமில்லை என்றால் கேலரியின் செட்டிங்ஸைப் பாருங்கள். சில நிறுவனங்கள் ட்ராஷை அடியோடு நிறுத்தவும் அனுமதிக்கின்றன. என் போனிலும் அந்த வசதி இருக்கிறது. நான் நிறுத்தவில்லை.